கைபேசிக்கு ஒரு காலைக் கூட்டம்

போன திங்கட்கிழமை காலை என் மகளின் பள்ளிக்குச் சண்டை போடத்தான் போனேன். கைப்பையில் டாக்டர் கடிதம். அலிப்பூர் ஆபீசில் அரை நாள் லீவு.

மகள் அபர்ணா ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருடமாக சர்க்கரை நோய். தினமும் இன்சுலின். அவள் மேல் கையில் ஒட்டியிருக்கும் சிறு வில்லை, ரத்தச் சர்க்கரை அளவை அவளுடைய போனுக்கு அனுப்பும். சர்க்கரை இறங்கினால் போன் அலறும். போன் பக்கத்தில் இல்லையென்றால்? அலறல் அவளுக்குக் கேட்காது. அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் பள்ளியில் ஒரு விவகாரம். வகுப்பில் அழுத ஒரு பெண்ணை யாரோ வீடியோ எடுத்து, அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் ஒரே கொந்தளிப்பு - போனையே தடை செய்யுங்கள் என்று. திங்கட்கிழமை அசெம்பிளியில் பிரின்சிபால் பேசப்போகிறார் என்று தகவல் வந்தது.

"சண்டை போடாதம்மா, ப்ளீஸ். கிளாஸ் முழுக்கத் தெரிஞ்சுடும்" என்றாள் அபர்ணா. நோயை விட, அது தெரிந்துவிடுமே என்ற பயம்தான் அவளுக்கு.

மைதானத்தில் வகுப்புகள் வரிசையாக நிற்க, நான் ஓரமாக நின்றேன். பிரின்சிபால் தத்தா மேடம் மைக்கைப் பிடித்தார். ஆங்கிலமும் வங்காளமுமாகப் பேசினார். நான் தமிழில் சொல்கிறேன்.

"இன்னிக்கு யார் யார் பையில் போன் இருக்கு?"

ஒரு கை கூட எழவில்லை.

"நான் பிடுங்கப் போறதில்லை. என் பையிலும் ஒண்ணு இருக்கு."

மெதுவாகக் கைகள் எழுந்தன. பாதிக்கு மேல்!

"ஹவுராவிலிருந்து ஆத்தைத் தாண்டி ஃபெரிப் படகில் வர்றவங்க இருக்கீங்க. ஃபெரி நின்னுபோனா வீட்டுக்குச் சொல்லணும். அதனால போன் கொண்டு வரலாம். வாசல்லயே அணைச்சு, கிளாஸ் டீச்சர்கிட்ட கொடுங்க. ரோல் நம்பர் போட்ட பையில் வெச்சுப் பூட்டுவோம். கடைசி மணிக்குத் திருப்பித் தருவோம். யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டோம். அது உங்க சொந்த விஷயம்."

ஏன் பூட்ட வேண்டும்? அதையும் சொன்னார். "சைலன்ட்ல கிடந்தாலும் மனசு அதுகிட்டயே கிடக்கும். எனக்கே கிடக்கு."

மழையில் தெரு மூழ்கும் நாட்களைச் சொன்னார். "ஆளுக்கு ஆள் வீட்டுக்கு போன் பண்ணினா, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் வாசல்ல வந்து முழங்கால் தண்ணியில் மாட்டிக்கும். ஸ்கூல் ஆபீஸ்லேர்ந்து எல்லா வீட்டுக்கும் ஒரே மெசேஜ் போகும். உங்களை வகுப்பு வகுப்பா அனுப்புவோம்."

பிறகு குரல் தணிந்தது. "ஒரு வீடியோவை உங்க போன்ல அழிக்கலாம். இருநூறு பேர் போன்ல யார் அழிக்கிறது? என்னால முடியலை. அனுமதி கேட்காம யாரையும் வீடியோ எடுக்கக் கூடாதுங்கறது அதுக்குத்தான்."

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. எடுத்தவன் பெயரையும் சொல்லவில்லை.

விதியை மீறினால்? முதல் தடவை, போனை வாங்கிப் பதிவேட்டில் எழுதிவிட்டு மாலையே கொடுத்துவிடுவார்களாம். இரண்டாம் தடவை, பெற்றோர் வந்து வாங்க வேண்டும்.

"உடல்நலத்துக்காகச் சில பேர்கிட்ட போன் இருக்கும். டாக்டர் கடிதம் போதும். யார், எதுக்குன்னு யாரும் கேட்கக் கூடாது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். "மேடம், சில பேருக்கு மட்டும்னா அது நியாயமா?"

மேடம் கோபப்படவில்லை. "நல்ல கேள்வி. கண்ணாடி போட்டவங்களை, எல்லாருக்கும் சமம்னு சொல்லிக் கழட்டச் சொல்லலாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு கை எழுந்தது. என் மகளின் கை.

"மேடம், அதுல ஒரு போன் என்னோடது. நான் சொல்லலாமா?"

"உனக்கு இஷ்டம்னா மட்டும்."

சட்டைக் கையை மடித்து வில்லையைக் காட்டினாள். "சர்க்கரை இறங்கினா இது போனுக்குச் சொல்லும். நான் குளுக்கோஸ் சாப்பிடணும். இல்லேன்னா மயக்கம் வரும். அதுக்கு மட்டும்தான் போன்."

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "வலிக்குமா, அக்கா?"

"ஒட்டும்போது மட்டும்."

முதலில் கை தட்டியது அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பையன்தான். பிறகு மைதானமே தட்டியது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்ணில் தூசி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வியாழக்கிழமை பூகோள வகுப்பில் போன் அலறியதாம். அபர்ணா பையைத் திறப்பதற்குள் பக்கத்து பெஞ்ச் ரியா குளுக்கோஸை நீட்டிவிட்டாளாம். சார் பாடத்தை நிறுத்திக் காத்திருந்தாராம். ஒருவர் கூட முணுமுணுக்கவில்லை. இதைச் சொல்லும்போது மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

நாமும் வீட்டில் விதிகளுக்குக் காரணம் சொல்லிப் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்... என்னுடைய பாதி விதிகளுக்குக் காரணமே கிடைக்கவில்லை.