மஞ்சள் பையும் மேனேஜர் அறையும்

தொண்ணூறுகளில் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டை பஸ் ஸ்டாப்பில் தினமும் மஞ்சள் பையோடு நின்ற பைத்தியக்காரி நான்தான். அங்கே ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் வேலை செய்யும் பெண்களுக்கு ஏற்படும் காயங்களைப் பற்றிய ஆய்வுக்கு ஆள் சேர்ப்பது என் வேலை. ஷிப்ட் முடிந்து அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரே ஒருமுறை பேசுவேன். எதற்குக் கேட்கிறோம், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும், பெயர் வேண்டாம், வீட்டுக்கு வரமாட்டேன், வேண்டாமென்றால் காரணம்கூடக் கேட்கமாட்டேன். அதன்பிறகு வாயைத் திறக்கமாட்டேன். விருப்பமிருந்தால் அவர்களே மஞ்சள் பையைத் தேடி வரவேண்டும்.

ஆய்வை நடத்திய பேராசிரியர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா அவங்க வேலை போயிடும் சார்" என்றேன். "நான் அந்தப் பக்கமே போகமாட்டேம்மா" என்றார். நம்பித் தொலைத்தேன்.

கோவிலம்பாக்கத்துக்காரி ஒருத்தி, வாரக்கணக்கில் என்னைப் பார்க்காததுபோலவே பஸ் ஏறிப் போனாள். வலது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. நானும் பார்க்காததுபோல இருந்தேன். ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"அக்கா, மெஷின்ல போன வெரல, வூட்ல அருவாமனைல பூட்ச்சின்னு கம்பெனில சொல்லச் சொல்லிகீறாங்க. அதனாலதான் வேலைல வெச்சிகினு கீறாங்க. உன்னாண்ட சொன்னா வெளிய போவாதுல்ல?"

"போகாது."

"அப்போ ஞாயித்திக்கெழம வரேன்."

சந்தோஷத்தில் அன்று ஒரு ஸ்டாப் தள்ளி இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் கூப்பிட்டார். "அந்தக் கம்பெனி மேனேஜரைப் பிடிச்சிட்டேன். நாளைக்கே அவர் ரூம்ல, ஷிப்ட் நேரத்துலயே எல்லார்கிட்டயும் பேசி முடிச்சிடலாம். மாசக்கணக்கா ஸ்டாப்ல நிக்கிறீங்களே!"

"சார், வாக்குக் கொடுத்தீங்களே!"

"காயத்தைப் பத்திப் பேச உங்க பொம்பளைங்க ரெடின்னுதான் சொன்னேன். யார் பேரையும் சொல்லலையே."

அடப்பாவி மனுஷா, பேர் எதற்கு? அங்கே விரல் போனவள் அவள் ஒருத்திதான்.

தடுத்துவிடலாம் என்றுதான் மறுநாள் ஓடினேன். அதற்குள் அவளை உட்கார வைத்திருந்தார்கள். எதிரில் மேனேஜர், பக்கத்தில் பேராசிரியர். அவள் முதலில் பார்த்தது என் மஞ்சள் பையைத்தான்.

"விருப்பமில்லைன்னா இப்பவே எழுந்து போகலாம். யாரும் ஏன்னு கேட்கமாட்டாங்க" என்றேன். மேனேஜர் சிரித்தார்.

"விருப்பம்தான் மேடம்" என்றாள் அவள். "மெஷின்ல ஒரு காயமும் ஆனதில்ல. இது வூட்ல, அருவாமனைல."

நான் பேனாவைத் தொடவில்லை. பேராசிரியரே எழுதிக்கொண்டார்: காயம் இல்லை.

வெளியே போகும்போது என்னருகில் ஒரு கணம் நின்றாள். மேனேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ன நம்பினேன் பாரு" என்றாள் மெதுவாக. "சொல்ட்டியே மேடம்."