மணவறை என்று எழுதிய லோரி

எங்கள் கடைக்கு ‘மணவறை’ என்று பெயர் வைத்தவர் என் கணவர். வேறு பெயரை அவர் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் காலையில் பால் வெட்டுவார். யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் சாயங்காலங்களில் மணவறை கட்டப் போய்விடுவார். பலகையில் தூண் அறுத்து, ஜிகினாத் தாள் ஒட்டி, மேலே இரண்டு மயில்களை எதிரெதிராக நிறுத்துவார். எங்கள் கல்யாணத்துக்கும் அவரேதான் கட்டினார். விரலில் பசை காய்வதற்குள் தாலி கட்ட வந்த மாப்பிள்ளை என்று தோட்டத்தில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். நாங்கள் குடியிருந்த லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. எழுபதுகளின் கடைசியில் நாங்களும் ஈப்போ டவுனுக்கு வந்து, அதன் ஓரத்து ஜெலாப்பாங்கில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தோம். பழைய லோரி ஒன்று, கூடாரத் துணிகள், இரும்புக் குழாய்கள், மடக்கு நாற்காலிகள், தோட்டத்திலிருந்து கொண்டுவந்த மணவறைப் பலகைகள். இவ்வளவுதான் கடை. போர்டு எழுதும் சீனர் ஒருவர் லோரியின் இரண்டு பக்கமும் மாலை மாற்றும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வரைந்து, அதன் கீழே சிவப்பு எழுத்தில் ‘மணவறை’ என்று தமிழில் எழுதினார். எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். ஒரு பிழை இல்லை. என் கணவர் அந்த லோரியை வாரம் தவறாமல் கழுவுவார். பெயர் இருக்கும் இடத்தைத் தனியாக ஒரு துணியால் துடைப்பார்.

முதலில் எல்லாம் கல்யாணங்கள்தான். கூப்பிட்டவர்கள் தோட்டத்தை விட்டு வந்த எங்கள் பழைய ஆட்கள். வீட்டு வாசலில் கூடாரம் போட்டு, தெருவை அடைத்துப் பந்தி வைத்தார்கள். ஆனால் கொஞ்ச காலத்திலேயே கல்யாணம் மண்டபத்துக்குப் போக ஆரம்பித்தது. கோயில் மண்டபம், சங்க மண்டபம், சீனர் உணவகத்தின் மாடி. அங்கெல்லாம் நாற்காலியும் மேடையும் அவர்களிடமே இருந்தன.

சாவு மட்டும் வீட்டிலேயே நடந்தது. தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் பக்கத்து லயத்துக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு மூங்கில் வெட்டி வந்து பந்தல் போட்டுவிடுவார்கள். இங்கே தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பார். அதனால் எங்களுக்குப் போன் செய்தார்கள்.

போனை எடுப்பது என் வேலை. அதனால் பெயரில் உள்ள சங்கடம் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. கல்யாண வீட்டார் எடுத்த எடுப்பில் “மணவறைங்களா?” என்று கேட்பார்கள். மற்றவர்கள் ஹலோ சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள். ஒரு பெண் அப்படித்தான் நின்றாள். நான் இரண்டு தடவை ஹலோ சொன்ன பிறகு, “அக்கா, எங்கப்பா தவறிட்டாரு. இதுக்கெல்லாம் நீங்க குடுப்பீங்களா? கல்யாணத்துக்கு மட்டுந்தானா?” என்றாள். அப்பாவைப் பறிகொடுத்தவள் எங்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசினாள். அடுத்த வாரம் இன்னொருவர், “அந்தப் படம் போட்ட லோரி வேணாம்லா, வேற வண்டி இருந்தா அனுப்புங்க” என்றார். வேறு வண்டி எங்களிடம் இல்லை.

அன்றைக்கே அவரிடம் சொன்னேன். “என்னாங்க, பேரு இடிக்குது.”

“ஊருக்கே தெரிஞ்ச பேரு. இப்பதான் நாலு பேரு வாயில வருது. அத போயி மாத்துவாங்களா?”

“சாவு வீட்டுக்காரங்க கூசுறாங்க.”

“மூடிக்கிட்டு போறேன்லா,” என்றார்.

சாவு வீட்டுக்குப் போகும்போது லோரியின் பக்கங்களில் ஒரு கான்வாஸைத் தொங்கவிட்டுக் கட்டினார்.  நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கல்யாணப் பக்கமும் சரியாக இல்லை. பெண்ணின் அம்மா ஒருவர் கடைக்கு வந்து நாற்காலிகளைத் தடவிப் பார்த்தார். “அண்ணே, இதெல்லாம் எழவு வீட்டுக்குப் போறதில்லதானே? மணவறைன்னு பேரு வச்சிருக்கீங்க, அத நம்பித்தான் வந்தேன்” என்றார். என் கணவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அந்த அம்மா போன பிறகு இவர் வெகுநேரம் பின்கட்டில் நாற்காலிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய நாற்காலிகள்தான்.

அடுத்து நடந்ததற்கு நான் நேரில் சாட்சி. பக்கத்துத் தாமானில் ஒரு பையன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டான். தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். வீட்டில் அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அன்றைக்கு வேலையாள் வராததால் நானும் லோரியில் போனேன். வழியில் காற்று கான்வாஸின் ஒரு முனையைப் பிய்த்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. வீட்டின் எதிரே நிறுத்தியபோது மாப்பிள்ளையும் பெண்ணும் பாதி வெளியே தெரிந்தார்கள். பெயர் முழுதாகத் தெரிந்தது.

பையனின் அம்மா வாசலுக்கு வந்தார். யாரோ வருகிறார்கள் என்று பார்க்க வந்திருக்க வேண்டும். லோரியைப் பார்த்தார். அழவில்லை. “இப்ப எதுக்கு இத கொண்டாந்தீங்க?” என்று சாதாரணமாகக் கேட்டார், தேதி மாறி வந்துவிட்டோம் என்பது போல.  சுவரோரம் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த உறவுக்காரர் ஒருவர்தான் பேசினார். “அது மணவறை இல்லக்கா. பிணவறை.”

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த அம்மாவை உள்ளே கூட்டிப் போனார்கள். என் கணவர் கான்வாஸை இழுத்துக் கட்டினார். பிறகு கூடாரத்தை வழக்கம்போலப் போட்டார். குழாய் நேராக நிற்கிறதா என்று எப்போதும் இரண்டு பக்கமும் போய்ப் பார்ப்பவர், அன்றைக்குப் பார்க்கவில்லை.

அந்தச் சொல் எங்களுக்கு முன்பே ஜெலாப்பாங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. காப்பிக் கடையில் பையன்கள் அவரைப் பார்த்து, “பிணவறை அண்ணே வாராரு” என்றார்கள். போனில்கூட ஒரு தடவை யாரோ “பிணவறைங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி வைத்தார்கள். ஒரே ஓர் எழுத்து. அதைத் துடைத்து எடுக்க எங்களால் ஆகவில்லை.

அந்த வார இறுதியில் மத்தியானச் சோறு சாப்பிடும்போது அவராகவே ஆரம்பித்தார். “என்னா பேரு வைக்கலாம்?”

ரெண்டு பெயர் வைத்துக்கொள்ளலாம், கல்யாணத்துக்கு மணவறை, மற்றதுக்கு வேறு ஒன்று என்றேன். அவர் கேட்கவில்லை. “லோரி ஒண்ணு, நாற்காலி ஒண்ணு. பேரு மட்டும் ரெண்டா? அந்தம்மா நாற்காலிய தடவிப் பாத்தாங்களே, அவங்கள ஏமாத்துன மாதிரி ஆயிடும்” என்றார். அது சரிதான் என்று எனக்கும் பட்டது.

‘துணை’ என்றேன். இரண்டு வீட்டுக்கும் பொருந்தும். அவர் அதை ரோமன் எழுத்தில் காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, “மலாய்க்காரங்க துனாய்னு படிப்பாங்க. கையில ரொக்கம் வச்சாத்தான் கூடாரம்னு நெனைப்பாங்க” என்றார். மலாயில் துனாய் என்றால் ரொக்கம். ‘நிழல்’ நன்றாக இருந்தது. ஆனால் சீன வாடிக்கையாளர் யாராலும் அதைச் சொல்ல முடியாது, எங்கள் ஆட்களிலேயே பாதிப் பேர் நிளல் என்பார்கள். ‘மங்கலம்’ என்று தொடங்கும் எதுவும் மறுபடி அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. “போன்ல கூசுறவங்க உங்கள என்னான்னு கேக்குறாங்க தெரியுமா? ‘பந்தல்கார அண்ணே இருக்காரா’ன்னுதான். அவங்க யாரும் மணவறைன்னு சொல்றதே இல்ல.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “பந்தல்,” என்றார். இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். “சரி. எல்லார் வாய்லயும் வரும்.” கை கழுவ எழுந்து போனார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

வியாபாரப் பதிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்தைத் தெரிவித்தோம். முகப்பு மேசையில் இருந்தவர் யாழ்ப்பாணத் தமிழர், கண்ணாடி போட்ட பெரியவர். படிவத்தைப் படித்துவிட்டு, “ஏன் மாத்துறியள்? நல்ல பேரல்லோ. வியாபாரம் ஓடேல்லையோ?” என்று கேட்டார்.

“ஓடுதுங்க,” என்றார் என் கணவர்.

 அவர் எங்களைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

கடைப் பலகைக்கு நகராண்மைக் கழகத்தில் புதிதாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. மலாய் எழுத்து பெரிதாக, தமிழ் சிறிதாக. ரசீதுப் புத்தகம், ரப்பர் முத்திரை எல்லாம் மாறின. போன் நம்பரை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். டைரக்டரியில் புதுப் பெயர் வர அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும். பழைய பெயரைத் தேடுபவர்களுக்கு அந்த நம்பராவது கிடைக்கட்டும்.

அதே சீனர்தான் லோரிக்கு வர்ணம் அடிக்க வந்தார். வேலை தொடங்குமுன் என் கணவரிடம், “சாயாங்லா, தவுக்கே. இந்தப் பொண்ணு மொகம் ரொம்ப அழகா வந்துச்சு” என்று உடைந்த தமிழில் சொன்னார். சாயாங் என்றால் வீணாகிறதே என்று வருத்தம், தவுக்கே என்றால் முதலாளி. என் கணவர் அடிக்கச் சொல்லிவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். நான்தான் நின்று பார்த்தேன். முதல் பூச்சில் மாலைகள் மறைந்தன. இரண்டாவது பூச்சுக்குப் பிறகும் வெயிலில் எழுத்துகளின் விளிம்பு மேடாகத் தெரிந்தது. மூன்றாவது பூச்சு அடிக்கச் சொன்னேன். அதற்கு மேல் ‘பந்தல்’ என்று மட்டும் எழுதினார்.

கல்யாணங்கள் இன்னும் குறைந்தன. மணவறைக் கடையை மூடிவிட்டார்கள் என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டுக்கொண்டு சிலர் டவுனில் வேறு ஆளைப் பிடித்தார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும், “பந்தல்னா சாமான் மட்டுந்தானா, மணவறை கட்ட மாட்டீங்களா?” என்று கேட்டார்கள். அவர் கட்டுவேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். “இல்லங்க,” என்றார். மயில் பலகைகளை ஒரு கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் கேட்கவில்லை.

மற்ற வேலை கூடியது. பெயரைச் சொல்ல யாரும் இப்போது தயங்கவில்லை. “பந்தலா? ஒரு எழவு. சாயங்காலத்துக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டு வைப்பார்கள். இரண்டு ஆட்கள் சேர்த்தோம். எடுத்த முடிவு சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

புதுப் பெயரோடு லோரி முதல்முதலாகச் சாவு வீட்டுக்குப் போய்வந்த அன்று நான் வாசலிலேயே காத்திருந்தேன். இறங்கி வந்தவரிடம், “என்னா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“என்னா சொல்றது? யாரும் லோரிய திரும்பிக்கூட பாக்கல லா.”

அதற்காகத்தான் பெயரை மாற்றினோம். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். லோரி தெருவிலேயே நின்றது, சக்கரமெல்லாம் சேறு. அந்த வாரமும் அவர் அதைக் கழுவவில்லை, அதற்கடுத்த வாரமும் கழுவவில்லை. பிறகு வேலையாட்கள் கழுவ ஆரம்பித்தார்கள்.