மூன்று வேலை நாட்களுக்கு முன்

எனக்குச் சந்தேகப் புத்தி. பால்காரர் தண்ணீர் கலக்கிறார் என்பது எல்லோருக்கும் வரும் சந்தேகம். கலக்கவில்லை என்றால் ஏன் கலக்கவில்லை என்று யோசிக்கிற ஆள் நான். "உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்" என்பார் என் கணவர். மவுண்ட் ரோட்டில் ஓர் ஆபீசில் ரிக்கார்டு செக்‌ஷன் குமாஸ்தா வேலை பார்த்தேன். அங்கே இந்தப் புத்திக்கு நல்ல பெயர்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காகிதத்துக்குப் பெரிய தட்டுப்பாடு வந்தது. என் மகள் படித்த மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளியில், வீட்டுக்கு அனுப்பும் சுற்றறிக்கையை நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு தாள், வாசலுக்கு உள்ளே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். எழுதினார்களே! ஆண்டு விழா தி. நகரில் ஒரு மண்டபத்தில். என் மகள் நோட்டில் 'ஸ்கூலில்' என்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டில் விழாவே இல்லை. வேலைக்குப் போகிற பெற்றோர்கள் நாங்கள், பள்ளி திறந்திருக்கிற நேரத்தில் வாசலில் போய் நின்று படிக்க முடியுமா?

அதற்கு வழி சொன்னவர் தி. நகரில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒருவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் மகளும் அதே பள்ளி. "நான் போட்டோ எடுத்துப் பெருசாப் போட்டுத் தாரேன். நீங்க அதைப் பாத்து லிஸ்ட் எழுதிருங்க" என்றார். ஒரு காசு வேண்டாம் என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம். எதற்கு இந்த ஆள் சும்மா செய்கிறார்? நாளைக்கு எங்கள் வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் வளைத்துப் போடத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் படத்தில் அவரே தெரிந்தார். கண்ணாடிக்கு நேராக நின்று எடுத்ததில், கேமராவும் தலையுமாக ஒரு கறுப்பு உருவம் நான்காவது வரியை மறைத்துக்கொண்டிருந்தது. "என்ன சார், வரியை மறைச்சுட்டீங்க?" என்றேன். குரலில் என் புத்தி தெரிந்திருக்கவேண்டும். மறுநாள் காலை பள்ளி திறக்கிற வேளைக்குப் போய், ஓரமாகச் சாய்ந்து நின்று மறுபடி எடுத்துக் கொடுத்தார். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் ஒரு வரி விடாமல் படிக்க முடிந்தது.

லிஸ்ட் எழுதுவதில் எனக்கென்று முறை இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து ஒரு தடவை முழுக்கப் படிப்பேன். தேதி எங்கே இருந்தாலும் காலண்டரில் கிழமையைப் பார்த்து, இரண்டும் பொருந்தினால்தான் எழுதுவேன். நிகழ்ச்சி நடக்கும் நாள் வேறு, அதற்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள் வேறு. பலரும் இரண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்புவார்கள். நான் கடைசி நாளுக்குத் தனி வரி கொடுத்து, அதன் தேதிக்கு உரிய இடத்தில் வைப்பேன். நாள், கிழமை, நேரம், இடம், யாருக்கு என்று கட்டம் போட்டு, மூன்று கார்பன் தாள் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவேன். நான்கு பிரதி. பதினோரு வீட்டுக்கு அது கைமாறிப் போகும்.

அந்தப் பங்குனியில் வந்த சுற்றறிக்கையில் ஐந்து விஷயம். அதில் ஒன்றுதான் எங்கள் எல்லோரையும் ஆட்டிவைத்தது: கோடைகால ஓட்டப் பயிற்சி முகாமுக்கு ஆள் தேர்வு. செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, அடையாறு மைதானம். பள்ளிக்கு இரண்டு பேர். ஓடித் தேறினால் ஒரு மாதம் அங்கேயே தங்கல், சாப்பாடு, கால் ஷூ. 'டாக்டர் சர்டிபிகேட்டை மூன்று பள்ளி வேலை நாட்களுக்கு முன் விளையாட்டு ஆசிரியையிடம் சேர்க்கவும்.'

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவளின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. பட்டினப்பாக்கம் குப்பத்துப் பெண். ஓடினால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பள்ளியில் அவள்தான் முதல். இரண்டாவது ஒரு பத்தாம் வகுப்புப் பெண். மூன்றாவது என் மகள்.

மீன்காரிக்குப் படிக்கத் தெரியாது. கூடையை இறக்கிவைத்துவிட்டு என்னையே படிக்கச் சொல்வாள்.

"யக்கா, பாப்பாக்கு ஓட்டம் எப்ப கீது? டாக்டர் சீட்டு எப்ப குடுக்கணும்?"

"செவ்வாக்கிழமை ஓட்டம். சீட்டு வியாழக்கிழமைக்குள்ள குடுத்துடணும்."

"வியாயக்கெயம. சரி. ஆஸ்பத்திரில நின்னு வாங்கிக்கினு வந்துர்றேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஆபீசிலிருந்து வரும்போது அவள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். கூடை இல்லை. பக்கத்தில் மகள், முகம் வீங்க அழுதுவிட்டு.

"நேத்தே முடிஞ்சு போச்சாம் யக்கா. டீச்சரம்மா சீட்ட வாங்கமாட்டேன்னுட்ச்சு. நேத்து மத்யானமே சீட்டு என் கைல கீது. நீ வியாயக்கெயமன்னு சொன்னியேன்னு ஊட்ல வச்சுக்கினு குந்திக்கினு இருந்தேன்."

எனக்குக் குப்பென்று கோபம் வந்தது. என் மேல் இல்லை. விளையாட்டு டீச்சர் ஏதோ விளையாடியிருக்கிறாள், வேண்டிய பெண் யாருக்கோ இடம் விடுகிறாள் என்றுதான் தோன்றியது. இல்லையென்றால் போட்டோவுக்கு அப்புறம் அறிவிப்பை மாற்றி ஒட்டியிருக்கவேண்டும். "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரிய வீராங்கனை!

மறுநாள் வெள்ளிக்கிழமை, கோயிலில் அறுபத்துமூவர் திருவிழா. தெருவெல்லாம் நீர்மோர்ப் பந்தல், மாடவீதிப் பக்கம் கால் வைக்க இடமில்லை. என் ஆபீசுக்கு லீவு கிடையாது. அதற்கு முன்னாடியே கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய், போட்டோவையும் பலகையையும் வரி வரியாக ஒப்பிட்டேன். ஓர் எழுத்து மாறவில்லை. அப்படியானால் போட்டோக்காரர்தான் என்று பஸ் ஏறினேன். என்ன 'அப்படியானால்'? போட்டோவும் பலகையும் ஒன்று என்று இப்போதுதானே பார்த்தாய் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்க ஆள் இல்லை.

ஸ்டூடியோக்காரர் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார். "நெகட்டிவ எடுங்க" என்றேன். எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்துக் காட்டினார். அதிலும் அதே ஐந்து விஷயம். பிறகு, "நீங்க எழுதுன லிஸ்ட் இருக்காக்கா?" என்றார். கைப்பையிலிருந்து கார்பன் பிரதியை எடுத்துப் போட்டேன்.

அவர் விரலை வைத்துப் பின்னால் எண்ணினார். "செவ்வாய் ஓட்டம். அதுக்கு முந்தி திங்கள் ஒண்ணு. ஞாயிறு, சனி கிடையாது. வெள்ளி..." விரல் நின்றுவிட்டது. என் கையெழுத்தில், நான் அழுத்தி எழுதிய அழுத்தத்தில், அந்த வரியில் இருந்தது: 'வெள்ளி - அறுபத்துமூவர் - பள்ளி விடுமுறை.' அதற்கு நேர் மேல் வரி: 'வியாழன் - டாக்டர் சர்டிபிகேட் கொடுக்கக் கடைசி நாள்.'

வெள்ளி லீவு என்றால் வியாழன் இரண்டு, புதன் மூன்று. கடைசி நாள் புதன். ஐயோ, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்துக்கொண்டு எண்ணத் தெரியவில்லையே எனக்கு! வெள்ளி என் ஆபீசுக்கு வேலை நாள். அந்த நினைப்பிலேயே எண்ணியிருக்கிறேன். மயிலாப்பூரில் குடியிருந்துகொண்டு அறுபத்துமூவரை வேலை நாளாக்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"சொல்லியிருக்கலாமே சார், பாத்தவுடனே" என்றேன், அப்போதும் விடாமல்.

"எம் பொண்ணு ஓடலியே. நான் அந்த வரியப் பாக்கவே இல்லக்கா" என்றார்.

திங்கட்கிழமை ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு விளையாட்டு ஆசிரியையைப் பார்த்தேன். தப்பு என்னுடையது, எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நல்ல பெண்மணிதான். "பேர் பட்டியல் அடையாறுக்குப் போயாச்சு. போர்டுல இருக்கறதுதான் கணக்கு. உங்க லிஸ்டுக்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார். பிறகு மெதுவாக, "ரெண்டாவது ஆளா உங்க பொண்ணு போறா, தெரியுமில்ல?" என்றார்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்புவீர்களா? அதுவரை அந்தக் கணக்கை நான் போடவில்லை. மகள் பெயரை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சொல்லவில்லை. மூன்றாவதாக வந்த பெண்ணுக்குக் கிடைத்த இடம்; வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன்.

மீன்காரி செவ்வாய் வரவில்லை, புதனும் வரவில்லை. வியாழன் வந்தாள். என் மகள் அடையாறில் ஓடி, தேறாமல் திரும்பிவிட்ட சேதி அதற்குள் குப்பம் வரைக்கும் போயிருந்தது. கூடையை இறக்கவில்லை. இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வோணும்னே பண்ணியா யக்கா?"

"இல்ல. எண்ணினதுல தப்பு. சத்தியமா இல்ல."

"சரி." கூடையை மறுபக்க இடுப்புக்கு மாற்றினாள். "உம் பொண்ணு சீட்ட எப்ப குடுத்த நீ?"

"போன வாரம் திங்கக்கிழமை."

"வியாயக்கெயம கடசி நாளுன்னு எய்தினது நீதானே. அப்பால ஏன் திங்கக்கெயமயே குடுத்த?"

என்ன சொல்வேன்? எதிலும் நம்பிக்கை கிடையாது எனக்கு, யார் சொன்ன நாளிலும் என் காரியத்தை விட்டுவைப்பதில்லை என்பதா? டாக்டர் எங்கள் மாடியிலேயே இருந்தார், வாங்கினேன், கொடுத்தேன் என்பதா? இரண்டும் உண்மைதான்.

"நீ எய்தினத நீயே நம்பல" என்றாள். "என்ன மட்டும் நம்பிக்கினு இருக்கச் சொன்ன."

கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூனில் பள்ளி திறந்து, அடுத்த போட்டோ வந்தது. அன்று சாயங்காலம் மீன்காரி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் மேஜையில் கார்பன் வைத்துக்கொண்டிருந்தேன். என் கையிலிருந்த போட்டோவையும் பூதக்கண்ணாடியையும் வாங்கி மகளிடம் கொடுத்தாள். "நீ படி பாப்பா. அவங்க எய்தட்டும். லீவு எது எதுன்னு மொதல்ல படி" என்றாள்.

அந்தப் பெண் படித்தது. நான் எழுதினேன். விடுமுறைகளை எழுதி முடித்த பிறகுதான் மற்ற வரிகள். ஒவ்வொரு கடைசி நாளுக்கும் இரண்டு பேரும் தனித்தனியாக விரல் விட்டுப் பின்னால் எண்ணினோம். முடிந்ததும் மீன்காரி கார்பன் பிரதியைத் தொடவில்லை, மேலே இருந்த முதல் தாளை உருவி எடுத்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

படியிறங்கும்போது திரும்பிக் கேட்டாள். "உம் பொண்ணுக்கு ஏதானா குடுக்கறதா இருந்தா நீ எப்ப குடுப்ப?"

"நாளைக்கே" என்றேன்.

"அப்ப நாங்களும் நாளைக்கே" என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.