துடைப்பக்கட்டையும் ஆறு வரிச் செய்தியும்

கேலாங்கில் காதர் மைதீன் நடத்திய கிரைண்டர் கம்பெனியில் ஜோசபின் டைப்பிஸ்ட். நான் ஸ்டோர் கிளார்க். 1983இல் சத்தமில்லாத மேசை கிரைண்டர் ஒன்று தயாரானது. ஞாயிறு சிராங்கூன் ரோட்டுக் கடையில் அறிமுகம்.

“சனிக்கிழமை பேப்பர்ல வரணும். வரலைன்னா திங்கட்கிழமை நீ வராதே” என்று ஜோசபினிடம் சொன்னார் முதலாளி. விளம்பரம் கொடுக்க மட்டும் மனம் வராது அவருக்கு.

ஜோசபின் ஒரே பக்கத்தில் விலை, தேதி, தொலைபேசி எண் எல்லாம் டைப் செய்தாள். ‘ஆசியாவிலேயே முதல்’ என்று முதலாளி சொன்னதை மட்டும் நீக்கிவிட்டாள். தமிழ்ப் பத்திரிகை நிருபர் மருதப்பனிடம் நேரில் கொடுத்து, “உங்களுக்கு மட்டும்தான் அண்ணே” என்று வாக்கும் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்த முதலாளி பெருமையாகச் சொன்னார்: “டீக்கடையில இங்கிலீஷ் பேப்பர் நிருபர் கிடைச்சார் லா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்!”

ஜோசபினுக்கு முகம் செத்துப்போனது. மணி நாலு. ஆறு மணிக்கு மருதப்பனின் பக்கம் அச்சுக்குப் போய்விடும். “பேசாம இருந்துடு, நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்றேன். கோழை நான், என்ன செய்ய! அவள் என்னை முறைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

“அண்ணே, தப்பு நடந்துபோச்சு. இன்னொருத்தருக்கும் செய்தி போயிடுச்சு.”

“அப்ப எனக்கு எதுக்கும்மா?” மருதப்பனின் குரல் எனக்கே கேட்டது. “புது மெஷின், இன்ன விலை. அதை விளம்பரப் பிரிவுல கொடுங்க.”

“இருங்கண்ணே, வச்சிடாதீங்க. பழைய கிரைண்டர் போட்டாலே எங்க கீழ்வீட்டு மேடம் லிம் துடைப்பக்கட்டையால கூரையை இடிப்பாங்க. ரெண்டு மாசமா புது மெஷினை எங்க வீட்லதான் ஓட்டிப் பார்க்கிறோம். இடியே இல்ல.”

மருதப்பன் போனை வைக்கவில்லை.

“அந்தம்மா என்கிட்ட பேசுவாங்களா? அஞ்சரைக்குள்ள.”

டாக்சி பிடித்துப் புக்கிட் மேராவுக்கு ஓடினோம். மேடம் லிம் கதவைப் பாதிதான் திறந்தார். இவள் மறுபடியும் சண்டைக்கு வந்திருக்கிறாள் என்றே நினைத்திருப்பார். ஜோசபின் தனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினாள். ஐந்து இருபத்தைந்துக்கு அந்தம்மா போனில் ஏதோ சொன்னார். மருதப்பன் சிரிப்பது எங்களுக்குக் கேட்டது.

மறுநாள் ஆறு வரி வந்தது. தலைப்பு: ‘மேல்வீட்டார் காலி செய்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்’. இங்கிலீஷ் பேப்பரில் ஒன்றும் இல்லை.

“என் போட்டோ எங்கே?” என்று முதலாளி குதித்தார். ஞாயிறு பத்து மணிக்குள் கடை வாசலில் பெண்கள் கூட்டம் கூடியதும் அடங்கிவிட்டார்.

ஜோசபினுக்குக் கூட்டம் கண்ணில் படவில்லை. செய்தியை வெட்டிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

“ஆறு வருஷமா அந்தம்மா என்னைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல” என்றாள் என்னிடம். “முதல் வார்த்தையே பேப்பர்ல வந்திருக்கு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.