பட்டியில் இருந்த சதுரம்

நோர்வேயிலிருந்து தங்கை அனுப்பிய தடித்த கம்பளி நூலில், என்னிடமிருந்த மூன்று மில்லிமீற்றர் ஊசிகளால் அவள் குழந்தைக்குத் தொப்பி பின்னினேன். அது மட்டை போல விறைத்து நின்றது. நூலைத் திட்டிக்கொண்டே உருண்டையை எறிந்தேன்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த கணவர் அதை எடுத்தார். நூலைச் சுற்றியிருந்த காகிதப் பட்டியில் எல்லாம் நோர்வே எழுத்து. ஆனால் அதில் வலைபோலக் கட்டமிட்டு, ஓரத்தில் எண்கள் போட்டிருந்த சின்னச் சதுரப் படத்தைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும், பத்துச் சென்ரிமீற்றருக்குப் பதினெட்டுக் கண் வரவேணும். உம்மட பின்னலில கண் எல்லாம் சின்னன். ஊசிப் படத்தில அஞ்சு எண்டு போட்டிருக்கு, கொக்கிப் படத்திலயும் அஞ்சுதான்."

"எழுவைதீவில அஞ்சு மில்லிமீற்றர் ஊசிக்கு நான் எங்க போறது?"

அவர் படகு வேலைக்கு வைத்திருந்த ஐந்து மில்லிமீற்றர் ட்ரில் பிட்டால் பலகையில் ஓட்டை போட்டார். இரண்டு மூங்கில் குச்சிகளை, அந்த ஓட்டைக்குள் மட்டுமட்டாக நுழையும்வரை சீவித் தேய்த்துத் தந்தார்.

அவற்றால் ஒரு துண்டு பின்னி, அடிமட்டத்தை வைத்து எண்ணினேன். பத்துச் சென்ரிமீற்றருக்குப் பதினெட்டுக் கண். நம்பாமல் மறுபடி எண்ணினேன். பதினெட்டுத்தான்.

அந்தப் பட்டியை எழுதிய ஆள் என் கையை எப்போது பார்த்தார்?