உம்மு ஹபீபா டீச்சரின் ஒலிப் பாடம்

உம்மு ஹபீபா டீச்சரைப் பற்றி மலையில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். செல்போனில் பேசிக்கொண்டிருந்தபோது பிள்ளை விழுந்துவிட்டது என்பது ஒன்று. அவரேதான் பிள்ளையைச் சரிவுப் பக்கம் அனுப்பினார் என்பது இன்னொன்று. முதலாவது பொய். இரண்டாவதில் பாதி உண்மை.

அவர் கொடைக்கானல் பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த பாவாவின் மகள். பாவாவுக்கு ஐம்பது வயதுக்கு முன்பே காது மங்கிவிட்டது. ஆணி கேட்டால் ஆணி எடுத்துக் கொடுப்பார். ஆனால் கேட்டவரின் வாயைப் பார்த்தபடிதான் எடுப்பார். பஜாரில் அவருக்குச் 'செவிட்டு பாவா' என்றே பெயர். பையன்கள் கடை வாசலில் நின்று சத்தம் இல்லாமல் வாயை மட்டும் அசைத்து விளையாட்டுக் காட்டுவார்கள். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "என்ன வேணும் தம்பி?" என்று மரியாதையாகக் கேட்பார். அவர்கள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். இதையெல்லாம் கடைக்குள் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டே ஹபீபா பார்த்திருக்கிறார்.

ஆசிரியர் வேலை கிடைத்தது வில்பட்டிக்கு அப்பால் ஓர் ஊரில். ஊர்ப் பெயர் இங்கே வேண்டாம். கேரட்டும் பூண்டும் விளையும் படிக்கட்டுத் தோட்டங்களுக்கு மேலே ஓர் ஆரம்பப் பள்ளி. தலைமை ஆசிரியர் ஞானவேல், இவர், ஆக இரண்டே பேர். காலையில் டவுனிலிருந்து பஸ், மாலையில் திரும்பவும் பஸ். கணவர் இறந்த பிறகும் அதே பஸ்தான்.

தன் காதும் அத்தா பாவாவின் வழியில் போகிறது என்று அவருக்குத் தெரிந்தது கொரோனாவுக்குப் பிறகு பள்ளி திறந்தபோது. பிள்ளைகள் முகக்கவசம் போட்டு வந்தார்கள். வாய் மறைந்ததும் பேச்சும் மறைந்துவிட்டது. அதுவரை தான் பாதியைக் கண்ணால்தான் கேட்டிருக்கிறோம் என்று அன்றைக்குப் புரிந்தது. மருத்துவரிடம் போகவில்லை. போனால் காகிதம் வரும், காகிதம் வந்தால் வகுப்பு போய்விடும் என்று நினைத்தார். கடைசி வரிசைப் பிள்ளைகளை முன்னால் வரச் சொன்னார். "பதில் சொல்றவங்க எந்திரிச்சு என்னைப் பார்த்துச் சொல்லணும்" என்று வழக்கம் வைத்தார். நல்ல ஒழுக்கம் என்று ஞானவேல் பாராட்டினார்.

ஒலிப் பாடத்தை அவர் எப்போதும் கையால் செய்துதான் நடத்துவார். இரண்டு காகிதக் கப், அடியில் ஊசித் துளை, துளை வழியாக நூல், நூல் நழுவாதிருக்க உள்ளே தீக்குச்சி கட்டிய முடிச்சு. நூலை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் இந்த முனையில் கிசுகிசுப்பது அந்த முனையில் கேட்கும். தளர விட்டால் கேட்காது. நடுவில் யாராவது விரலால் நூலைப் பிடித்தாலும் பேச்சு நின்றுவிடும்.

"ஏலே, கையை எடுலே! என் பேச்சை நீ தின்னுட்ட" என்று ஒருவன் கத்துவான்.

"ருசியாவே இல்லடா" என்பான் பிடித்தவன்.

பிறகு பெயின்ட் டப்பாவின் வாயில் பலூனைக் கிழித்து இழுத்துக் கட்டி, மேலே நாலு அரிசி போடுவார். பக்கத்தில் பள்ளியின் பெரிய முரசை அடித்தால், யாரும் தொடாமலே அரிசி துள்ளும். முரசின் தோல் அதிர்கிறது, அது காற்றை அதிர வைக்கிறது, காற்று பலூனை அதிர வைக்கிறது. டப்பாவைத் தள்ளித் தள்ளி வைக்கத் துள்ளல் குறைந்துகொண்டே வரும்.

"ஏன் கொறையுது டீச்சர்?" என்று கேட்டவள் ஷர்மிளா.

"உங்கம்மா ஒரு கரண்டி மாவுல சின்ன தோசை ஊத்துனா எப்படி இருக்கும்?"

"மொத்தமா."

"அதே மாவைக் கல்லு நெறைய இழுத்தா?"

"பேப்பர் மாதிரி."

"முரசுச் சத்தமும் அப்படித்தான். எல்லாப் பக்கமும் பரவுது. தூரம் போகப் போக மெலிஞ்சு போகுது. நூல்ல போற சத்தம் அப்படிப் பரவ முடியாம நூலோடயே போகுது. அதான் அவ்வளவு தூரம் கேக்குது."

இதற்குப் பிறகுதான் மைதானம். முதல் தடவை பிள்ளைகள் முரசைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தார்கள். குச்சி ஏறி இறங்குவதைப் பார்த்தே 'கேக்குது, கேக்குது' என்றார்கள். கண் காதுக்கு உதவி செய்கிறது என்று டீச்சருக்குத் தெரியாதா? அடுத்த தடவை திரும்பி நடக்கச் சொன்னார். சத்தம் கேட்காத இடத்தில் உட்கார்ந்து கையைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் அடித்தால் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு பலத்தில் விழுந்தது. அதனால் தானே குச்சியை எடுத்தார். இந்த முடிவால்தான் அவர் பிள்ளைகளோடு போகாமல் முரசோடு நின்றார்.

மதியத்துக்கு மேல் மஞ்சு இறங்கி மைதானத்தை வெள்ளையாக மூடியிருந்தது. மைதானத்தின் ஓரத்துக் கல் கட்டுச் சுவரைக் காட்டுமாடு இடித்துப் போட்டிருந்தது. யாரும் சரி செய்யவில்லை. பிள்ளைகளுக்கு இது போட்டியாகிவிட்டது. கடைசிவரை உட்காராதவருக்குத்தான் நல்ல காது. கீழ்த் தோட்டத்தில் வேலை செய்யும் சண்முகராஜின் மகள் வள்ளி உட்காரவே இல்லை. முரசு அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. இடிந்த கட்டைத் தாண்டிப் போனாள். ஈரப் புல்லில் கால் வழுக்கிக் கீழ்த் தோட்டத்தில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது.

அவள் அலறினாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் "டீச்சர்! டீச்சர்!" என்று கத்தினார்கள். கைகளை ஆட்டினார்கள். மஞ்சுக்குள் டீச்சருக்குத் தெரிந்தது தூக்கிய கைகள் மட்டும்தான். எல்லாருக்கும் சத்தம் நின்றுவிட்டது, பாடம் சரியாக வருகிறது என்று நினைத்தார். ஒரே சீராக அடித்துக்கொண்டே இருந்தார். முரசின் கனத்த சத்தம் அவருக்கு நன்றாகவே கேட்கும். பிள்ளைகளின் மெல்லிய கீச்சுக் குரல்தான் தூரத்தில் கேட்காது. அன்றைக்கு அவருக்குத் தன் காதின் மேல் நம்பிக்கைகூட வந்திருந்தது.

ஞானவேல் அலுவலக அறையிலிருந்து ஓடி வந்து குச்சியைப் பிடித்தார். அதற்குள் கீழ்த் தோட்டத்தில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த சண்முகராஜ் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்வி அலுவலர் விசாரணைக்கு வருவதற்கு முந்தைய நாள் ஞானவேல் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. கட்டு இடிந்த சேதி மேலே போகாததற்கு அவரும் பதில் சொல்ல வேண்டும். "காத்து எதிர்ப் பக்கம் அடிச்சுச்சு. நீங்க கத்துனது எங்க யாருக்கும் கேக்கல. சரியா?" பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

விசாரணையில் சண்முகராஜ் அதை ஏற்கவில்லை.

"சார், எம் புள்ள அலறுனது தோட்டத்துல எனக்குக் கேட்டுச்சு. ரூமுக்குள்ள இருந்த உங்களுக்குக் கேட்டுச்சு. மைதானத்துல நின்ன டீச்சருக்கு மட்டும் காத்து வந்து காதை அடைச்சுச்சாக்கும்?"

"அண்ணே, அன்னைக்குக் காத்து..."

"இன்னைக்கும்தான் அடிக்கிது. எம் பொண்டாட்டி அதே எடத்துல நின்னு கத்தட்டும். கேக்குதா இல்லையான்னு பாத்துருவோம். வெரசா முடிஞ்சிரும் சோலி."

அலுவலர் யோசித்துவிட்டு, கேட்டால் டீச்சர் கையைத் தூக்கட்டும் என்றார். வள்ளியின் தாய் முருகேஸ்வரி சரிவை நோக்கி நடந்தாள்.

அப்போது டீச்சரின் செல்போனில் ஒரு செய்தி வந்தது. ஞானவேல் அனுப்பியது. 'எல்லாருக்கும் கேட்டு உங்களுக்கு மட்டும் கேக்கலன்னா காது விசயம் தெரிஞ்சிரும். என்னையே பாருங்க. நான் மூக்கைத் தொட்டதும் கையைத் தூக்குங்க.' அவர் நாலடி தள்ளி, எதுவும் தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் முரசு இருந்த இடத்தில் போய் நின்றார். ஞானவேலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். எதிரே தைல மரங்கள் மட்டும்தான்.

"இந்தப் பக்கம் பார்த்து நில்லுங்க டீச்சர்" என்றார் ஞானவேல். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

முருகேஸ்வரி மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். "வள்ளீ!" பிறகு இன்னும் உரக்க. மூன்றாவது தடவை அது பெயராக இல்லை, வெறும் அழுகையாக இருந்தது. வராந்தாவில் சின்னப் பிள்ளை ஒன்று காதைப் பொத்திக்கொண்டது. டீச்சரின் கைகள் தொங்கியபடியே இருந்தன.

அலுவலர் அருகில் போய் அவர் கண்ணில் படும்படி நின்றார்.

"கத்தியாச்சுங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

அலுவலர் தலையசைத்தார்.

"எழுதிக்குங்க சார். எனக்குக் கேக்கல. காத்து காரணம் இல்ல. ரெண்டு மூணு வருசமாவே கேக்கல."

முருகேஸ்வரி மேலே ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. டீச்சரின் முகத்துக்கு நேரே நின்றாள்.

"தெரிஞ்சேதான் இருந்தீங்களா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சே எங்க புள்ளைகளை வச்சுக்கிட்டு இருந்தீங்க. செவிட்டு டீச்சர்னு நாலு பேரு சொல்லிருவாங்கன்னு. எம் புள்ளைக்குக் காலு கட்டையாப் போயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு, இனி ஊருல அவளை என்னன்னு சொல்லுவாங்க?"

டீச்சர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் தவறவில்லை.

காது கேட்காமல் போனதற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது. ஆனால் வகுப்பில் வைத்திருக்கவும் மாட்டார்கள். மருத்துவச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். பிறகு அதே சம்பளத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்புகள் அடுக்கும் வேலை. நடந்ததற்கு எழுத்தில் கண்டனமும் வந்தது. கட்டு இடிந்ததற்கு ஞானவேலுக்கும் ஒன்று வந்தது. அவர் அதன் பிறகு டீச்சரிடம் பேசவில்லை. டீச்சருடைய இடத்துக்கு அந்த ஆண்டு முழுவதும் யாரும் வரவில்லை. அவர் வகுப்புப் பிள்ளைகளும் ஞானவேலின் வகுப்பிலேயே நெருக்கி உட்கார்ந்தார்கள். வள்ளிக்கு மதுரையில் இரண்டு தடவை அறுவை நடந்தது. கால் சற்றுக் குட்டையாகவே சேர்ந்தது.

விசாரணை நடந்த அன்று பஸ்ஸுக்கு நேரமாகியும் டீச்சர் வகுப்புக்குள் போனார். பையை எடுக்கத்தான் போனார். பிள்ளைகள் இன்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஷர்மிளா எழுந்து நின்றாள். வழக்கப்படி அவரைப் பார்த்து நின்றுதான் கேட்டாள்.

"அன்னைக்கு நாங்க கத்துனது உங்களுக்குக் கேக்கவே இல்லையா டீச்சர்?"

"இல்லம்மா."

"கொஞ்சம்கூடவா?"

"கொஞ்சம்கூட இல்ல."

ஷர்மிளா பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தாள். ஒருத்தி ஏற்கெனவே அழ ஆரம்பித்திருந்தாள்.

"நாங்க சரியாக் கத்தலன்னு நெனச்சோம் டீச்சர். இன்னும் பலமாக் கத்தியிருந்தா வள்ளியை வெரசாத் தூக்கியிருப்பீங்கன்னு இவ தெனமும் அழுவுறா. சார் வேற கேக்கலன்னு சொல்லச் சொன்னாரு. அப்ப நாங்கதான் மெதுவாக் கத்தியிருக்கோம்னு..."

அதற்கு மேல் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாய் தெரியாததால் மீதியை டீச்சரால் கேட்க முடியவில்லை. அவர் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"நல்லாத்தான் கத்துனீங்க. ரூமுக்குள்ள இருந்த சாருக்குக் கேட்டுச்சு, கீழ இருந்த அவங்கப்பாவுக்குக் கேட்டுச்சு. கேக்காதது என் காது. இதை உங்க வீட்டுலயும் சொல்லுங்க. யாரு கேட்டாலும் சொல்லுங்க."

ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாக அதையே சொன்னார். அதற்குள் கடைசி பஸ் போய்விட்டது.