பத்து விநாடி என்று எழுதிய செய்முறை

பாலிடெக்னிக்கில் எங்கள் உலோகவியல் மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுதிய ரிப்போர்ட்டில் செய்முறைப் பகுதியை மட்டும் நகலெடுத்து இன்னொருவரிடம் கொடுப்பார். அதைப் படித்து அதே வேலையை அவர் செய்து முடிக்க வேண்டும். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. இருவரில் யார் மற்றவரிடம் பேசினாலும் மதிப்பெண் போகும்.

பித்தளைத் துண்டை மெருகேற்றி, கரைசலில் லேசாக அரித்து, அதன் பரல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் என்னுடைய செய்முறை பாலவனத்தத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்குப் போனது.

அவள் நிதானமானவள். நான் எழுதியபடியே சொரசொரப்பான எமரி தாளில் தொடங்கி, அடுத்தடுத்து நைசான தாள்களுக்குப் போனாள். தாள் மாறும்போதெல்லாம் துண்டைக் கால் வட்டம் திருப்பி, பழைய கீறல் மறையும்வரை தேய்த்தாள். பிறகு சுழலும் துணியில் அலுமினாப் பொடி கலந்த நீரை ஊற்றி மெருகேற்றினாள். முகம் தெரிகிற அளவுக்குப் பித்தளை பளபளத்தது. அதற்குள் நேரம் போய்விட்டது. மணி அடிக்க அரை மணிதான் பாக்கி.

கையுறையைச் சரிசெய்துகொண்டு, துண்டை அரிப்பதற்கான ஃபெரிக் குளோரைடு கரைசலை எடுத்தாள். அப்போதுதான் நான் எழுதியிருந்த எண் நினைவுக்கு வந்தது.

நான் செய்தபோது பத்து விநாடி முக்கி எடுத்ததில் துண்டு கருத்துப்போனது. திரும்ப மெருகேற்றி நான்கே விநாடியில் எடுத்தேன். ஆனால் கையேட்டில் பத்து என்று இருந்ததால் பத்து என்றே எழுதிவிட்டேன். முதல் முறை துண்டு கெட்டதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

இடுக்கியில் பிடித்துத் துண்டை முக்கினாள். "ஒண்ணு, ரெண்டு..." என்று முணுமுணுத்தாள். மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று. நான்கு. ஐந்து.

"எடுத்துரு" என்றேன். "ஏய், எடுத்துருடி."

அவள் பதறி எடுத்துக் குழாய்த் தண்ணீரில் பிடித்தாள். பழுப்பேறியிருந்தது.

"ஏன் பேசுன?" மேடம் குரல் உயரவில்லை.

"பத்துன்னு எழுதுனது பொய் மேடம். எனக்கு நாலுலதான் வந்துச்சு. மொதத் தடவ துண்டு கருத்துப்போச்சு, அத எழுதல."

"எதுக்கு மறச்ச?"

"தப்பாச் செஞ்சேன்னு தெரிஞ்சிருமேன்னு."

மேடம் என் தாளில் குறுக்கே கோடு போட்டார். அந்தப் பெண்ணிடம், "துணியில மறுபடி போடு. நாலு விநாடி" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மீண்டும் மெருகேற்றி, முக்கி, கழுவி, ஸ்பிரிட் விட்டுக் காற்றில் உலர்த்தி நுண்ணோக்கியில் வைத்தபோது மணி அடித்தது. எல்லோரும் பையைத் தூக்கினார்கள். அவள் மட்டும் குனிந்தபடியே குமிழைத் திருகினாள்.

"தெரியுது மேடம். பரல் பரலா இருக்கு. உள்ளுக்குள்ள நேர்கோடு மாதிரி பட்டையும் இருக்கு."

என் மதிப்பெண் பாதியாகக் குறைந்தது. அன்று சாயங்காலம் அருப்புக்கோட்டை பஸ்ஸில் மடியில் நோட்டை வைத்து, துண்டு கருத்துப்போனதையும் சேர்த்து, செய்முறையை முதலிலிருந்து எழுதினேன்.